ஆறு பைக்கற் பருப்பு எங்கே போனது: களஞ்சியத்தில் பொருள் எடுக்கும் பட்டியலின் பிழை நீக்கம்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கு அருகே உள்ள ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்தில், கடைகளின் ஓடர்களைக் கணினியில் பதிந்து மறுநாள் லொறிக்கு வேண்டிய பட்டியலை அச்சிடுவது என் வேலை. விற்பனைப் பிரதிநிதிகள் இருவர் பகலில் கடை கடையாகப் போய் ஓடர் எடுத்து, மாலையில் கைபேசியில் அனுப்புவார்கள். விடிந்ததும் லொறி பரந்தன் சந்தியில் ஏ35 வீதிக்குத் திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை போகும்.

முன்பு ஒவ்வொரு கடையின் பற்றுச்சீட்டையும் தனித்தனியாகக் கையில் வைத்துக்கொண்டு பொருள் எடுத்தோம். பதினொரு கடை பருப்புக் கேட்டால் பருப்பு இறாக்கைக்குப் பதினொரு தடவை நடை. இப்போது எல்லா ஓடர்களையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி, இறாக்கைகள் இருக்கும் வரிசையிலேயே பட்டியலை அச்சிடுகிறோம். ஒரே சுற்றில் வேலை முடிகிறது. ஆனால் பட்டியலில் ஓர் எண் பிழைத்தால் அதை யாரும் களஞ்சியத்தில் கண்டுபிடிப்பதில்லை. நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால், கடைக்காரர் முன்னிலையில்தான் அது தெரியவருகிறது. அப்படித் தெரியவந்த பிழைகளையும் அவற்றின் காரணங்களையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது கூகுள் விரிதாள். தொடக்கத்தில் Orders என்ற தாளில் மூன்றே நிரல்கள் இருந்தன: A கடை, B பொருள், C அளவு. பட்டியல் தாளில் ஒரே ஒரு சூத்திரம்:

```
=QUERY(Orders!A2:C, "select B, sum(C) where B is not null group by B label sum(C) ''", 0)
```

ஒரே பெயருள்ள பொருள்களைச் சேர்த்து அவற்றின் அளவைக் கூட்டு என்பதே இதன் பொருள். பார்ப்பதற்கு இதில் பிழைக்க ஒன்றுமில்லை.

அறிகுறி: பட்டியலில் உள்ளதை முழுவதும் எடுத்தோம், ஆனாலும் ஒரு கடைக்குக் குறைகிறது

முதலில் வந்தது இதுதான். மிக ஆபத்தானதும் இதுதான், ஏனெனில் திரையில் எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது.

அன்று ஒரு கிலோ பருப்புப் பைக்கற்றுக்கு நான்கு ஓடர்கள்: தருமபுரம் 10, விசுவமடு 6, உடையார்கட்டு 5, புதுக்குடியிருப்பு 12. கூட்டினால் 33. பட்டியல் 27 என்று அச்சாகியிருந்தது. பொருள் எடுக்கும் அண்ணன் 27 பைக்கற்றை எண்ணி ஏற்றினார். புதுக்குடியிருப்பில் இறக்கும்போது ஆறு குறைந்தது. "தம்பி, நான் பட்டியலில் உள்ளதைத்தான் எடுத்தேன். நீங்களே பாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார். பார்த்தேன். C நிரல் முழுவதையும் SUM கொண்டு கூட்டினேன். பட்டியலின் மொத்தமும் அதுவும் ஒத்துப்போயின. பட்டியல் சரிதான், எண்ணியதில்தான் பிழை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஏனெனில் பிழை என்னுடையது.

நடந்தது இது. விசுவமடுக் கடையின் 6, விரிதாளின் கணக்கில் எண்ணாக இல்லை, எழுத்தாக இருந்தது. அந்தக் கலத்துக்கு யாரோ உரை வடிவம் கொடுத்திருந்தார்கள். கடைகளின் தொலைபேசி எண்களைப் பதியும்போது முதலில் வரும் பூச்சியம் மறையாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். அதே வடிவம் அளவு நிரலுக்கும் படிந்துவிட்டது. QUERY ஒரு நிரலைப் படிக்கும்போது அதில் பெரும்பான்மையாக உள்ள வகை எதுவோ அதையே அந்த நிரலின் வகையாகக் கொள்கிறது. சிறுபான்மை வகையில் உள்ள கலங்களை வெறுமையாகவே கருதுகிறது. நூறு எண்களுக்கு நடுவே எழுத்தாக நிற்கும் ஓர் ஆறு, அதன் பார்வையில் இல்லவே இல்லை.

நான் சோதித்த SUM சூத்திரமும் எழுத்தைக் கூட்டாமல் தாண்டிப்போகும். ஒரே குறை உள்ள இரண்டு தராசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது போன்றது என் சோதனை. இரண்டும் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

இதே பிழை பெரிதாக இருந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். நிரலில் பாதிக்கு மேல் எழுத்தாக இருந்தால் QUERY கூட்ட மறுத்து `AVG_SUM_ONLY_NUMERIC` என்று பிழை காட்டும். ஒன்றிரண்டு மட்டும் எழுத்தாக இருக்கும்போதுதான் அது அமைதியாக விழுங்குகிறது.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கண். விரிதாள் எண்ணை வலப்பக்கம் ஒட்டியும் எழுத்தை இடப்பக்கம் ஒட்டியும் காட்டும். அழகுக்காக அந்த நிரலை நடுவில் ஒழுங்குபடுத்தியிருந்தால் இந்த அடையாளம் அழிந்துவிடும். அளவு நிரலை நடுவில் ஒழுங்குபடுத்தாமல் இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது வழியே நம்பத்தக்கது. COUNTA நிரம்பிய கலங்களையெல்லாம் எண்ணும். COUNT எண்களை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும்.

```
=COUNTA(Orders!B2:B)-COUNT(Orders!C2:C)
```

இங்கே வேண்டுமென்றே பொருள் நிரலை C நிரலுடன் ஒப்பிட்டிருக்கிறேன். அளவை எழுதவே மறந்த வரியும் இதில் அகப்படும். எங்கள் தாளில் இந்தக் கலம் மேலே பெரிய எழுத்தில் நிற்கிறது. அது 0 அல்லாவிட்டால் அச்சிடுவதில்லை.

அகப்பட்ட கலத்தில் வெறும் எண் இருந்தால் வடிவத்தை எண்ணாக மாற்றி, மறுபடி தட்டினால் போதும். "6 பெட்டி" என்றோ, பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து விழுந்து "1O" என்றோ இருந்தால், எண்ணை மட்டும் உருவி எடுக்கும் சூத்திரம் போடாதீர்கள். அங்கே ஒரு மனிதர் எதையோ சொல்ல முயன்றிருக்கிறார். பிரதிநிதியைக் கேட்டுத் திருத்துவதே சரி. தரவுச் சரிபார்ப்பில் பூச்சியத்தைவிடப் பெரிய எண்ணை மட்டும் ஏற்கும்படி நிரலைக் கட்டுப்படுத்தலாம். அது தட்டுவதைத் தடுக்கும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை எப்போதும் தடுக்காது. ஆகவே சோதனைக் கலத்தை எடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி: ஒரே பொருள் பட்டியலில் இரண்டு வரிகளில் வருகிறது

கூட்டு எண் பிரிந்து நிற்கிறது என்றால் பெயர்கள் இரண்டும் ஒன்றல்ல என்று பொருள். "சீனி", "சீனி 1கிலோ" என்று கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு என்றால் திருத்துவது எளிது. முடிவில் ஓர் இடைவெளி கூடியிருந்தால் TRIM அதை நீக்கும். எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்தது கொத்தமல்லி. பட்டியலில் "கொத்தமல்லி" 14 என்றும் "கொத்தமல்லி" 9 என்றும் இரண்டு வரிகள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே இருந்தன. TRIM போட்டும் சேரவில்லை.

இரண்டு கலங்களுக்கும் LEN போட்டுப் பார்த்தபோது ஒன்றில் 10, மற்றதில் 11 வந்தது. யூனிகோட்டில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்துடன் ஒகரக் குறி ஒன்றே ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். கவுக்குப் பின் எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டாக வைப்பது மற்ற விதம். திரையில் வரையும்போது இரண்டும் ஒரே உருவம் பெறுகின்றன. தொகுக்கும் சூத்திரத்துக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இது எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் போனபோது பழைய சரக்குப் பட்டியலில் போய் நின்றேன். இங்கே பல கடைகளிலும் அலுவலகங்களிலும் உள்ளதைப் போல அதுவும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. பாமினியில் உள்ளே இருப்பது தமிழே அல்ல. எழுத்துருவை எடுத்துவிட்டால் சீனி `rPdp` என்று நிற்கும். அதில் "கொ" எழுத, காகிதத்தில் எழுதுவதைப் போலவே முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று `nfh` தட்ட வேண்டும். அதை யூனிகோட்டுக்கு மாற்றும்போது, கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் இடம் மட்டும் மாற்றி வைத்தால் 11 எழுத்துக் கொத்தமல்லி பிறக்கிறது. பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்தவர் அனுப்பியது அது. கைபேசியில் நேரே தட்டியவர் அனுப்பியது 10 எழுத்துக் கொத்தமல்லி.

ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இந்தச் சூத்திரம் இரண்டையும் ஒன்றாக்கும்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(B2),
  UNICHAR(3014)&UNICHAR(3006), UNICHAR(3018)),
  UNICHAR(3015)&UNICHAR(3006), UNICHAR(3019))
```

3014 எகரக் கொம்பு, 3015 ஏகாரக் கொம்பு, 3006 கால், 3018 ஒகரக் குறி, 3019 ஓகாரக் குறி. சோப்பு, கோதுமை மா, தோடம்பழம், பொரி என்று தேடினால் இந்த இரண்டு குறிகளும் உள்ள பொருள்கள் களஞ்சியத்தில் நிறைய அகப்படும். சூத்திரத்துக்குப் பின்னும் LEN வேறுபட்டால், சில விசைப்பலகைகள் நடுவே விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஏதாவது இருக்கும். அந்தப் பெயரை அழித்துப் புதிதாகத் தட்டுவதே விரைவான வழி.

ஆனால் இது கட்டுப் போடுவது மட்டுமே. நோய்க்கு மருந்து, பெயரை வைத்துத் தொகுப்பதை நிறுத்துவது. ஒவ்வொரு பொருளுக்கும் KM01, PR02 என்று ஒரு குறியீடு கொடுத்து, ஓடரில் குறியீட்டை மட்டும் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வைத்தோம். பெயர் Items என்ற தாளில் ஒரே ஓரிடத்தில் இருக்கிறது. அச்சில் காட்டுவதற்கு மட்டும் அங்கிருந்து எடுக்கிறோம். குறியீடு எழுத்தில் தொடங்குவது முக்கியம். வெறும் 0045 என்று வைத்தால் விரிதாள் அதை 45 ஆக்கிவிடும். சில குறியீடுகள் எண்ணாகவும் சில எழுத்தாகவும் இருந்தாலோ மேலே சொன்ன பெரும்பான்மை விதி இங்கேயும் வந்து, சிறுபான்மைப் பொருள்களின் வரிகளையே பட்டியலிலிருந்து அகற்றிவிடும்.

அறிகுறி: கூட்டுத்தொகை சரி, ஆனால் ஏற்றிய சரக்கு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கிறது

இது அலகுப் பிழை. சவர்க்காரத்துக்கு ஒரு நாள் வந்த ஓடர்கள்: விசுவமடு 2 பெட்டி, உடையார்கட்டு 30 கட்டி, புதுக்குடியிருப்பு 1 பெட்டி, முல்லைத்தீவு 20 கட்டி. அளவு நிரலில் 2, 30, 1, 20. பட்டியல் 53 என்றது. எண்கள் எல்லாம் எண்களே. சோதனைக் கலமும் 0 காட்டியது. ஆனால் 53 என்பது எதன் எண்ணிக்கை? எதனுடையதும் அல்ல.

எங்களிடம் இருந்த அந்தச் சவர்க்காரத்தில் ஒரு பெட்டிக்கு 48 கட்டிகள். மூன்று பெட்டி 144, அதோடு தனியாக 50, ஆக 194 கட்டிகள். கூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தனி எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும். ஆகவே Orders தாளில் B பொருளின் பெயருக்குப் பதில் குறியீடாகி, C அளவு, D அலகு, E தனி எண்ணிக்கை என்று நிரல்கள் கூடின. Items தாளின் நான்காவது நிரலில் பெட்டிக்கு எத்தனை என்பது இருக்கிறது. E நிரலின் சூத்திரம்:

```
=IF(C2="",, IF(D2="பெட்டி", C2*VLOOKUP(B2, Items!A:D, 4, FALSE), C2))
```

அலகு நிரலைக் கையால் தட்ட விடாதீர்கள். "பெட்டி" என்பதில் ஓர் எழுத்துத் தவறினாலும் சூத்திரம் அதைத் தனி என்றே கொள்ளும். இரண்டு பெட்டி கேட்டவருக்கு இரண்டு கட்டி போகும். பெட்டி, தனி என்ற இரண்டை மட்டும் காட்டும் தெரிவுப் பெட்டி வையுங்கள். இனிமேல் கூட்டப்படுவது E நிரல் என்பதால் சோதனைக் கலத்தையும் `COUNT(Orders!E2:E)` என்று மாற்ற வேண்டும். குறியீடு Items தாளில் இல்லாததால் E நிரலில் `#N/A` வந்தாலும் அப்போது அகப்படும்.

194 என்று அச்சிட்டால் இறாக்கை முன் நிற்பவர் மனக்கணக்குப் போட வேண்டும். அவருக்காக அதைத் திரும்பப் பெட்டியாக்குகிறோம். 194-ஐ 48-ஆல் வகுத்தால் நான்கு பெட்டியும் மீதி இரண்டும். QUOTIENT பெட்டிகளையும் MOD மீதியையும் தரும். ஓடர்களில் கேட்கப்பட்டவை மூன்று பெட்டிகளே. ஆனால் தனிக் கட்டிகள் சேர்ந்து நான்காவது பெட்டியை நிறைத்துவிட்டன. கடை கடையாக எடுத்த காலத்தில் அந்த ஐம்பதையும் உடைத்த பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினோம். இப்போது ஒரு முழுப் பெட்டியும் இரண்டு கட்டிகளும் எடுத்தால் போதும்.

உற்பத்தியாளர் பெட்டியின் கொள்ளளவை மாற்றும் நாளில் இந்தக் கணக்குப் பிழைக்கும். 48 இருந்த பெட்டியில் 36 வந்தால், பழைய பெட்டியும் புதிய பெட்டியும் களஞ்சியத்தில் கலந்து கிடக்கும் வரை எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்று தவறும். அப்போது புதிய பெட்டிக்கு வேறு குறியீடு கொடுத்து, பழையது தீரும் வரை இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே நடத்துகிறோம்.

அறிகுறி: இறாக்கை வரிசையில்தான் அச்சாகிறது, ஆனாலும் எடுப்பவர் முன்னும் பின்னும் நடக்கிறார்

எங்கள் களஞ்சியத்தில் மூன்று வரிசைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இறாக்கைகள், ஒவ்வோர் இறாக்கையிலும் நான்கு தட்டுகள். A வரிசையில் இரண்டாவது இறாக்கையின் மூன்றாவது தட்டு A-2-3. முதல் நாளே பட்டியலில் A-10-1, A-2-3-க்கு முன்னால் வந்தது. எழுத்தாக வரிசைப்படுத்தும்போது இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடப்படுகிறது. 1 என்ற எழுத்து 2-க்கு முந்தியது, அதன்பின் வரும் பூச்சியத்தை அது பார்ப்பதேயில்லை. இறாக்கை எண்ணை எப்போதும் இரண்டு இலக்கமாக, A-02-3, A-10-1 என்று எழுதினால் இது தீர்ந்துவிடும்.

வரிசைக்கு எழுத்து வைப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் 2-3 என்று தட்டினால் விரிதாள் அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் நீங்கள் தட்டியது திரும்பி வராது.

பூச்சியம் சேர்த்த பின்னும் நடை குறையவில்லை. பொருள் எடுக்கும் அண்ணனோடு ஒரு காலை முழுவதும் நானும் கூட நடந்தபோதுதான் காரணம் விளங்கியது. A வரிசையில் 1-இலிருந்து 12 வரை எடுத்து முடித்தால் அவர் களஞ்சியத்தின் கடைக்கோடியில் நிற்கிறார். பட்டியலோ B-01 என்கிறது. B-01 வாசலுக்குப் பக்கத்தில். வெறுங்கையோடு அல்ல, பாரமேற்றிய தள்ளுவண்டியோடு திரும்பி வந்து மறுபடி உள்ளே போகிறார். வாய்க்கால் வெட்டியவர் வரம்பின் முடிவிலிருந்து அடுத்த வரம்பைத் தொடங்குவது போல, B வரிசையை 12-இலிருந்து 1-க்கு எடுக்க வேண்டும். C-ஐ மறுபடி 1-இலிருந்து.

இடத்தின் பெயர் வேறு, நடக்கும் ஒழுங்கு வேறு. இதை ஏற்றுக்கொண்டபின் Items தாளில் ஐந்தாவதாக "நடை எண்" என்ற நிரலைச் சேர்த்தோம். A-01 முதல் A-12 வரை 10, 20, 30 என்று ஏறுகிறது. A-12-க்கு 120, அடுத்து B-12-க்கு 130, B-11-க்கு 140. பத்துப் பத்தாக விட்டது நடுவே புதிய இறாக்கை வந்தால் செருகுவதற்காக. நடை எண் முழுக்க எண்ணாக இருப்பதால் 10-க்கும் 2-க்கும் உள்ள பழைய குழப்பமும் இல்லை.

இந்த நிரல் இன்னொன்றுக்கும் உதவியது. சீனி மூட்டையும் மா மூட்டையும் C வரிசையின் முடிவில், நிலத்தில் அடுக்கியிருக்கின்றன. நடை எண்ணின்படி அவை கடைசியில் வந்தால் பிஸ்கட்டின் மேல் மூட்டை ஏறும். அவற்றுக்கு 1, 2 என்று நடை எண் கொடுத்தோம். முதலில் கடைக்கோடிக்கு ஒரு நடை கூடுகிறது. ஆனால் வண்டியின் அடியில் மூட்டை கிடக்க, பிஸ்கட் நொறுங்காமல் மேலே போகிறது. அந்தக் கூடுதல் நடை தகும் என்பது என் முடிவு.

Orders தாளில் நடை எண்ணை F நிரலுக்கும் இடத்தை G நிரலுக்கும் VLOOKUP கொண்டு வந்தபின், பட்டியல் தாளின் சூத்திரம் இப்போது இப்படி இருக்கிறது:

```
=QUERY(Orders!A2:G, "select F, G, B, sum(E) where B is not null group by F, G, B order by F label sum(E) ''", 0)
```

Items தாளில் இன்னும் பதியாத புதிய பொருளுக்கு F நிரலில் `IFNA(VLOOKUP(...), 9999)` என்று வைத்திருக்கிறோம். அது பட்டியலின் அடியில் போய் நிற்கும், மறைந்துபோகாது.

அறிகுறி: பட்டியல் சொன்ன தட்டு வெறுமையாக இருக்கிறது, சரக்கு வேறிடத்தில் கிடக்கிறது

ஒரு குறியீடு Items தாளில் இரண்டு வரிகளில் இருந்தால் VLOOKUP முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். எங்களிடம் பால்மா A-04-2-இலும், கூடுதல் இருப்பு C-11-1-இலும் இருந்ததால் யாரோ நல்ல எண்ணத்தோடு இரண்டாவது வரியைச் சேர்த்திருந்தார்கள். ஒரு குறியீட்டுக்கு ஒரே எடுக்கும் இடம் என்பதே விதி. கூடுதல் இருப்பின் இடத்தை வேறு நிரலில் எழுதி, பட்டியல் அச்சிட்ட உடனேயே, எடுக்கத் தொடங்குவதற்கு முன், அங்கிருந்து தட்டை நிரப்புகிறோம். `COUNTIF(Items!A:A, A2)` ஒன்றைத் தாண்டும் வரிகளைத் தேடினால் இரட்டைப் பதிவுகள் அகப்படும்.

அறிகுறி: கையில் உள்ள காகிதமும் திரையும் ஒத்துப்போகவில்லை

பட்டியல் சூத்திரத்தால் ஓடுகிறது. அச்சிட்ட பின் ஒரு பிரதிநிதி தாமதமாக ஓடரைச் சேர்த்தால் திரையில் எண் மாறும், காகிதத்தில் மாறாது. மீண்டும் அச்சிட்டால் ஏற்கெனவே எடுத்தவையும் சேர்ந்து வந்து இரட்டிப்பாக ஏறும். Orders தாளில் H என்று ஒரு நிரல் சேர்த்து, காலைச் சுற்றுக்கு 1, தாமதமாக வந்ததற்கு 2 என்று எழுதுகிறோம். சூத்திரத்தின் வீச்சை `A2:H` ஆக்கி, `where` பகுதியில் `and H = 1` சேர்த்தால் அந்தச் சுற்றின் ஓடர்கள் மட்டும் வரும். தாமதமானவைக்கு 2 என்று மாற்றி இன்னொரு சிறு பட்டியல்.

அறிகுறி: பட்டியல் சரி, எடுத்ததும் சரி, ஆனாலும் ஒரு கடைக்குக் கூடி இன்னொரு கடைக்குக் குறைகிறது

இதைச் சூத்திரத்தில் தேடாதீர்கள். கூட்டிய பட்டியலில் கடையின் பெயர் இல்லை. அதன் இயல்பே அது. 194 கட்டிகள் வாசலுக்கு வந்தபின் யாருக்கு எத்தனை என்று பிரிக்க இரண்டாவது காகிதம் வேண்டும். குறியீட்டை மேலே J1 கலத்தில் வைத்து, அந்தப் பொருளைக் கேட்ட கடைகளை மட்டும் இப்படி எடுக்கலாம்:

```
=FILTER(Orders!A2:E, Orders!B2:B=J1)
```

நாங்கள் அச்சிடுவது இதன் மறுபுறம்: கடைக்கு ஒரு தாள், பொருள்கள் அதே நடை எண் வரிசையில். எடுத்து வந்த குவியலும் அதே வரிசையில் வாசலில் நிற்பதால், கடைத்தாளைப் பிடித்துக்கொண்டு குவியலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் பிரிப்பு முடிகிறது. எல்லாக் கடைக்கும் பிரித்த பின் வாசலில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் லொறியை அனுப்பாமல் அங்கேயே எண்ணுகிறோம்.

இருப்பே போதாத நாளில் நிலைமை வேறு. 194 வேண்டும், தட்டிலோ 150-தான் என்றால், குறையும் 44-ஐ யார் தாங்குவது என்று பட்டியல் சொல்லாது; முதலில் பிரிக்கப்படும் கடைக்கு முழுதும் போய், கடைசிக் கடையின் தலையில் விழும். ஆகவே எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, அந்தப் பொருளின் FILTER தாளை எடுத்துவைத்து, கையால் குறைக்கிறேன். உடையார்கட்டின் 30-ஐப் 10 ஆக்கினேன், விசுவமடுவின் இரண்டு பெட்டியை ஒரு பெட்டியும் 24 கட்டியும் ஆக்கினேன். அவர்கள் அருகில் இருக்கிறார்கள். அடுத்த சரக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். முல்லைத்தீவுக் கடைக்கு லொறி மறுபடி போக ஒரு வாரம் ஆகும். அவர் கேட்ட 20-இல் நான் கை வைக்கவில்லை.